ரூபாயில் ஏற்றம், டாலரில் இறக்கம்

திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதி 2021-22ல் சுமார் 33,525 கோடி ரூபாய். 2022-23ல் சுமார் 34,350 கோடி. இரண்டரை சதவீத வளர்ச்சி என மகிழ்ந்தவர்கள் உண்டு. ஆனால் அதே காலத்தில் டாலரின் சராசரி மதிப்பு சுமார் 74.50 ரூபாயிலிருந்து 80.40 ரூபாயாக ஏறியதை நாம் மறக்கலாகாது.

இன்ஃபோசிஸ் போன்ற கம்பெனிகள் இதற்கென ஒரு கணக்கை வெளியிடுகின்றன. இவ்வாண்டு விற்பனையைச் சென்ற ஆண்டின் மாற்று விகிதத்திலேயே கணக்கிட்டு, சென்ற ஆண்டோடு ஒப்பிடுவார்கள். நிலையான நாணய மதிப்பில் வளர்ச்சி என்பது இதுவே.

எல்லாமே டாலர் பில் என்று கொள்வோம். 34,350 கோடியை 80.40ஆல் வகுத்தால் சுமார் 427 கோடி டாலர். அதை 74.50ஆல் பெருக்கினால் சுமார் 31,800 கோடி ரூபாய்தான். ஆக, வியாபாரம் 5 சதவீதம் குறைந்திருக்கிறது. ரூபாயின் சரிவு அதை மறைத்துவிட்டது.

யூரோ அவ்வாண்டு டாலரைப் போல ஏறவில்லை. ஆகவே யூரோ பில்களைத் தனியே கணக்கிட வேண்டும். இத்தனை செய்தாலும் நூல் விலை ஏற்றம் அதில் கலந்தே இருக்கும். உருப்படி எண்ணிக்கைதான் அதைக் காட்டும்.

எனவே வணிக அன்பர்களே, நூலும் சாயமும் அட்டைப்பெட்டியும் கடனுக்குத் தரும் நாம், ஏற்றுமதியாளரின் ரூபாய்க் கணக்கை மட்டும் பார்த்துக் கடன் வரம்பை உயர்த்தலாகாது. டாலர் கணக்கையும் பீஸ் கணக்கையும் கேட்டு வாங்குவதே விவேகம்.