முதலில் விண்மீன், பிறகு வண்ணச்சுருள்

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, நடுநிலை வகுப்புகளிலேயே நிரலாக்கச் செயல்பாடுகளைத் தொடங்கச் சொல்கிறது. அவ்வாறு தொடங்கும் வகுப்புகளிலும் பயிலரங்குகளிலும் பைத்தானின் ஆமை வரைகலையைக் காட்டி, முதல் நாளே வண்ணச்சுருள் ஒன்றை வரையவைப்பது வழக்கமாகிவருகிறது. திரையில் நிறங்கள் சுழன்று விரிய, குழந்தைகள் மகிழ்கின்றனர். மகிழ்ச்சியில் குறை காண ஒன்றுமில்லை. வரிசையில்தான் பிழை இருக்கிறது.

சுருள் எந்த எண்ணையும் மன்னித்துவிடும். திரும்பும் கோணம் 91 ஆனாலும் 89 ஆனாலும் 121 ஆனாலும் ஏதோ ஓர் அழகிய வடிவம் கிடைக்கும். தான் கொடுத்த எண்ணுக்கும் வந்த படத்துக்கும் உள்ள உறவைக் குழந்தை எண்ணிப்பார்க்கத் தேவை எழுவதில்லை. விண்மீன் அப்படியன்று. கோணம் தவறினால், ஐந்து கோடுகளில் தொடங்கிய இடத்துக்கு அது வந்து சேராது.

```python
import turtle
for i in range(5):
    turtle.forward(150)
    turtle.right(144)
```

இந்த நிரலை முழுமையாகக் கொடுத்துப் படியெடுக்கச் சொன்னால் கற்பதற்கு மிச்சம் எதுவுமில்லை. கோணத்தை மட்டும் வெற்றிடமாக விடவேண்டும். ஐந்துமுனை விண்மீனின் முனைக்கோணம் 36 பாகை என்று அறிந்த மாணவர் தயங்காமல் 36 என்றே இடுவார். அப்போது விண்மீனுக்குப் பதிலாக அகன்ற வளைவொன்று தோன்றும். ஆமை புறப்பட்ட திசைக்கு நேர் எதிர்த்திசையை நோக்கி நிற்கும். அது ஒழுங்கான பத்துகோணத்தின் பாதி. `range(5)` என்பதை `range(10)` என்று மாற்றினால் மறுபாதியும் வந்து மூடிக்கொள்ளும். இவ்வளவு தெளிவாகத் தன்னை விளக்கிக்கொள்ளும் பிழை கிடைப்பது அரிது. அதை ஆசிரியர் அவசரமாகத் திருத்திவிடுவது இழப்பே.

36 தாளில் தெரியும் கோணம். ஆமை கேட்பதோ தன் உடல் எவ்வளவு திரும்பவேண்டும் என்பதை. நேராகச் சென்றுகொண்டிருக்கும் ஆமை முனையில் ஏறத்தாழப் பின்னோக்கித் திரும்பவேண்டும். முற்றிலும் பின்னோக்குவது 180. அதில் 36 குறைய, 144.

இங்கே மொழி சார்ந்த சிக்கலும் ஒன்றுண்டு. ‘வலப்பக்கம்’ என்ற சொல் திரையின் வலத்தையும் குறிக்கலாம், ஆமையின் வலத்தையும் குறிக்கலாம். முதல் கோட்டின் முடிவில் ஆமை திரையின் வலத்தை நோக்கி நிற்பதால் அதன் வலம் திரையின் கீழ்ப்புறம். ஒருமுறை 144 பாகை திரும்பிய பின் அது இடக்கீழ்ப் பக்கம் நோக்குகிறது. இப்போது அதன் வலம் திரையின் இடமேற்பக்கம். ‘உன் வலமா, ஆமையின் வலமா?’ என்று கேட்காமல் கட்டளையை மட்டும் மொழிபெயர்க்கும் பாடம் குழப்பத்தையே வளர்க்கும்.

1967இல் லோகோ மொழியை உருவாக்கியவர்களுள் ஒருவரான சீமோர் பேப்பர்ட், இக்காரணத்தால்தான் குழந்தையை ஆமையாக நடந்துபார்க்கச் சொன்னார். தரையில் சுண்ணக்கட்டியால் விண்மீனை வரைந்து, அதன்மேல் ஒரு குழந்தையை நடக்கவிடலாம். புறப்பட்ட இடத்தில் புறப்பட்ட திசையையே நோக்கி நிற்பதற்குள் அதன் உடல் இருமுறை முழுதாகச் சுற்றியிருக்கும். இரு சுற்று 720 பாகை. ஐந்து திருப்பங்களுக்குப் பகிர்ந்தால் 144. ஒரே சுற்று என்றால் 72, அது ஐங்கோணம். மூன்று சுற்று என்றால் 216. மீண்டும் விண்மீனே வரும், ஆனால் கோட்டின் மறுபக்கத்தில்! காரணத்தை மாணவரே கண்டுபிடிக்கட்டும்.

இவ்வளவும் ஆன பிறகு சுருளுக்கு வரலாம். அப்போது அது வெறும் காட்சியாக இராது.

```python
colors = ["red", "blue", "green", "orange"]
for i in range(100):
    turtle.pencolor(colors[i % 4])
    turtle.forward(i * 2)
    turtle.right(91)
```

முதலில் 91க்குப் பதில் 90 இடச் செய்யவேண்டும். நேரான சதுரச்சுருள் வரும். ஒவ்வொரு திசைக்கும் ஒரே நிறம். நான்கு திருப்பங்கள் ஒரு முழுச்சுற்று, நிறங்களும் நான்கு என்பதே காரணம். 91 ஆக்கினால் ஒவ்வொரு நான்கு கோட்டுக்கும் 4 பாகை மிகுந்து, நிறப்பட்டைகள் மெல்ல முறுக்கிக்கொள்ளும். நூறு கோடுகளில் சேரும் மிகை 100 பாகை, கால்வட்டத்துக்குச் சற்றுக் கூடுதல். படத்தை ஓடவிடுமுன் இதைச் சொல்லிவிடும் மாணவர் சுருளைப் புரிந்துகொண்டவர்.

நிறங்களின் எண்ணிக்கையை மாற்றும்போதும் கவனம் வேண்டும். பட்டியலில் ஒரு நிறத்தை நீக்கிவிட்டு `% 4` என்பதை அப்படியே விட்டால், நான்காம் கோட்டுக்கு வந்ததும் நிரல் `IndexError` என்று நின்றுவிடும். மாறாக `% 3` என்று ஆக்கிப் பட்டியலை விட்டுவிட்டால் பிழைச்செய்தியே வராது; ஆரஞ்சு நிறம் மட்டும் ஓசையின்றிக் காணாமற்போகும். படத்தின் பளபளப்பில் மயங்கிய வகுப்பில் அதை யாரும் கவனிப்பதில்லை.