பெயரைச் சொல்லலை, ஆனா ஊருக்கே தெரிஞ்சுபோச்சு: மருத்துவமனை அறிக்கையில் எது ரகசியம்?

‘பழவேற்காடு முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்ததில், அருகிலுள்ள குப்பத்தைச் சேர்ந்த 34 வயது மீனவர் தலையில் காயமடைந்து அரசு மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டுள்ளார். இரு குழந்தைகளின் தந்தையான அவர் நேற்று அதிகாலை உறவினருடன் கடலுக்குச் சென்றிருந்தார்.’

இப்படி ஒரு செய்தி வருகிறது என வைத்துக்கொள்வோம். பெயர் இல்லை, படம் இல்லை. சென்னையில் மெட்ரோவில் போய்க்கொண்டே படிப்பவருக்கு இது யாரோ ஒருவர். ஆனால் கோரைக்குப்பத்திலோ வைரவன்குப்பத்திலோ படிப்பவருக்கு முதல் வரியிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும். அன்று எந்தப் படகு போனது, யார் யார் ஏறினார்கள், எது திரும்பவில்லை என்பதெல்லாம் கரையில் நிற்பவர்களுக்கு மனப்பாடம். ஏரிக்குள் மீன்பிடிப்பதில் ‘பாடு’ என்ற முறையே இருக்கிறது. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதை ஊர் கூடி முடிவு செய்யும். அப்படிப்பட்ட இடத்தில் தேதியும் இடமும் சொன்னாலே பெயரைச் சொன்ன மாதிரிதான்.

நோயாளியின் ரகசியம் பற்றிய நம்முடைய பழக்கம் பெரும்பாலும் ‘பெயரைப் போடாதே’ என்பதோடு நின்றுவிடுகிறது. சில லட்சம் பேர் வாழும் ஊருக்கு அது ஓரளவு போதும். சில நூறு குடும்பங்கள் இருக்கும் குப்பத்துக்குப் போதாது.

விதி என்ன சொல்கிறது?

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள்தான் இன்றும் மருத்துவர்களைக் கட்டுப்படுத்துகின்றன. தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட்டில் புதிய விதிகளைக் கொண்டுவந்து, சில வாரங்களிலேயே நிறுத்திவைத்துவிட்டது. பழைய விதிகளின் 7.14-ஆவது பிரிவு, தொழில்வழி அறிந்த நோயாளியின் ரகசியத்தை மருத்துவர் வெளியிடக் கூடாது என்கிறது. விதிவிலக்கு மூன்றுதான்: நீதிமன்ற உத்தரவு, குறிப்பிட்ட நபருக்கோ சமூகத்துக்கோ கடுமையான ஆபத்து, அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய நோய்கள். ‘நிருபர் கேட்டார்’ என்பது இந்தப் பட்டியலில் இல்லை.

இன்னொரு பிரிவு, 7.17, நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. அடையாளம் தெரியும்படி நோயாளியின் படத்தையோ நோய் விவரத்தையோ அனுமதியின்றி இதழ்களில் வெளியிடக் கூடாது என்கிறது அது. கவனியுங்கள், அங்கே ‘பெயர்’ என்று எழுதவில்லை, ‘அடையாளம்’ என்றுதான் எழுதியிருக்கிறது. அப்படியானால் மருத்துவமனையின் மக்கள் தொடர்பு அலுவலர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, ‘பெயரை எடுத்துட்டோமா?’ என்பதல்ல. ‘இதை அவங்க ஊர்ல படிச்சா ஆளைக் கண்டுபிடிச்சிடுவாங்களா?’ என்பதுதான்.

மனநல சிகிச்சை என்றால் சட்டம் இன்னும் கறார். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சிகிச்சையில் இருப்பவரின் படத்தையோ தகவலையோ அவர் சம்மதமின்றி ஊடகங்களுக்குத் தரவே முடியாது.

ஊடகத்துக்குச் சம்மதம் யார் தருவது?

மேலே சொன்ன மீனவரையே எடுத்துக்கொள்வோம். பழவேற்காட்டுப் பகுதியிலிருந்து வழக்கமாக முதலில் பொன்னேரி அரசு மருத்துவமனை, தலைக்காயம் கடுமை என்றால் அங்கிருந்து சென்னை ஸ்டான்லி. ஸ்டான்லி வாசலுக்கு வண்டி வரும்போது அவர் கூடவே நாலு தரப்பு வரும். மனைவி, படகு உரிமையாளர், ஊர் நிர்வாகிகள், மீனவர் சங்கத்தார். கேமராவுக்கு முன்னால் முதலில் பேசுவது பெரும்பாலும் கடைசி இரண்டு தரப்பு. முகத்துவாரம் மணல் மூடிக் கிடப்பதை அரசுக்குச் சொல்ல அவர்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு அது. அதில் தப்பே இல்லை. ஆனால் அவர்கள் பேசியதால் மருத்துவமனைக்கும் பேச அனுமதி கிடைத்துவிட்டதாக அர்த்தமில்லை.

நினைவோடு இருக்கும் நோயாளி என்றால் சம்மதம் அவருடையது மட்டும். மனைவி சொன்னாலும், ஊர்த் தலைவர் சொன்னாலும் செல்லாது. நினைவில்லை என்றால் அறுவை சிகிச்சைக்கு நெருங்கிய உறவினர் கையெழுத்திடுவார். இங்கேதான் குழப்பம் வருகிறது. அந்தக் கையெழுத்து சிகிச்சைக்கானது. அதை வைத்துக்கொண்டு ஸ்கேனில் என்ன தெரிந்தது என்று நிருபரிடம் சொல்ல முடியாது. ஊடகத்துக்கு என்ன சொல்லலாம் என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும், எந்த வரி போகும் என்று படித்துக் காட்டிக் கேட்க வேண்டும். ஐ.சி.யூ. வாசலில் அழுதுகொண்டிருப்பவரிடம் ‘மீடியாவுக்குச் சொல்லலாமாம்மா?’ என்று கேட்டு, அவர் தலையாட்டியதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது நியாயமில்லை.

அப்போ மருத்துவமனை எதைத்தான் சொல்லலாம்? இந்த நிகழ்வுக்கு ஒரு நல்ல அறிக்கை இப்படி இருக்கலாம்: ‘படகு விபத்தில் காயமடைந்த ஒருவர் எங்கள் மருத்துவமனையில் சிகிச்சை பெறுகிறார். அவருடைய குடும்பத்தினருக்கு விவரங்கள் தெரிவிக்கப்பட்டுள்ளன. மேற்கொண்டு தகவல் தர அவருடைய சம்மதம் தேவை.’ ஊரில் ஆள் யாரென்று ஏற்கெனவே தெரிந்திருக்கலாம். ஆனாலும் அவருக்கு என்ன காயம், என்ன சோதனை, என்ன முடிவு என்பது மருத்துவமனை வாயிலாக வெளியே போகவில்லை. நிருபருக்கு இது சப்பென்று இருக்கும், உண்மைதான்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு நடைமுறை உண்டு. நோயாளி மறுக்காத பட்சத்தில், பெயர் சொல்லிக் கேட்பவருக்கு மட்டும் அவர் நிலையைப் பொதுவான ஒரு சொல்லில் சொல்லலாம்: நன்று, பரவாயில்லை, கடுமை, மிகக் கவலைக்கிடம் என்பதுபோல. அங்குள்ள மருத்துவமனைகள் சங்கம் ஒரு சொல்லை மட்டும் தவிர்க்கச் சொல்கிறது. அது ‘ஸ்டேபிள்’. உடல்நிலை மிக மோசமாக, அதே மோசத்தில் மாறாமல் இருந்தாலும் அது ‘ஸ்டேபிள்’தானே! நம் ஊர் அறிக்கைகளில் அதிகம் புழங்கும் ‘சீராக உள்ளது’ என்பதன் கதையும் இதேதான்.

கசிவு வேறு கதவு வழியாக

நடைமுறையில் அறிக்கை எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் தகவல் வேறு வழியில் போய்விடும். விபத்து, தற்கொலை முயற்சி, அடிதடி என்று யார் வந்தாலும் அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் பதிவாகும், காவல்துறைக்குத் தகவல் போகும். ‘ஏ.ஆர். காப்பி’ என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். பெயர், வயது, முகவரி, காயங்கள், எப்படி நடந்தது என்று சொன்னார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். அது விசாரணைக்கான ஆவணம். செல்போனில் ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால் பத்து வினாடியில் அது செய்திக்கான ஆவணம் ஆகிவிடும்.

அதில் ‘மது வாடை’ என்று ஒரு சின்னக் குறிப்பு இருந்தால் என்ன ஆகும்? பிரதமரின் மீன்வளத் திட்டத்தின்கீழ் உள்ள குழு விபத்துக் காப்பீட்டில், உயிரிழப்புக்கோ நிரந்தர முழு ஊனத்துக்கோ 5 லட்சம் ரூபாய், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம். பொதுவாகவே விபத்துக் காப்பீடுகளில் போதையில் நேர்ந்ததற்கு இழப்பீட்டை மறுப்பது வழக்கம். ரத்தப் பரிசோதனை நடந்ததா, வாடை அவர்மேல் வந்ததா, கூட வந்தவர்மேல் வந்ததா என்பதெல்லாம் முறையான விசாரணையில் தீர வேண்டிய விஷயங்கள். அதற்குள் ‘குடிபோதையில் படகு ஓட்டிய மீனவர்’ என்று தலைப்பு வந்துவிட்டால், அந்தக் குடும்பம் குப்பத்திலும் அதிகாரிகள் முன்பும் தலைகுனிந்து நிற்க வேண்டியதுதான். பின்னால் போடும் திருத்தம் அத்தனை குழுக்களுக்கும் போய்ச் சேராது.

மௌனம் எப்போது தப்பு?

‘இப்படி எல்லாத்தையும் மூடி வெச்சா மக்களுக்கு எப்படித் தெரியும்?’ என்ற கேள்வி நியாயமானது. அதற்குத் தமிழ்நாட்டுக்கு ஒரு காரணமும் இருக்கிறது. 2016 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு முதலமைச்சர் ஜெயலலிதா அப்போலோவில் சேர்க்கப்பட்டார். முதல் அறிக்கை ‘காய்ச்சல், நீர்ச்சத்துக் குறைபாடு’ என்றது. அக்டோபர் முதல் வாரத்தில் நோய்த்தொற்று, சுவாச உதவி என்று வார்த்தைகள் கனமாயின. டிசம்பர் 5 இரவு அவர் இறந்தார். இடையிலிருந்த 75 நாட்களில் வதந்தி பரப்பியதாகக் கைதுகள் நடந்தன. பிறகு விசாரணை ஆணையம் வந்தது, அதன் அறிக்கை 2022-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. சந்தேகம் அப்போதும் முழுசாகத் தீரவில்லை.

ஒரு முதலமைச்சர் பணியாற்றும் நிலையில் இருக்கிறாரா என்பது குடிமக்கள் கேட்கக்கூடிய கேள்வி. அதற்குப் பதில் சொல்ல ரத்தப் பரிசோதனை முடிவு தேவையில்லை. நோயை மறைத்துக்கொண்டே, ‘இப்போதைக்கு அவரால் அலுவல்களைக் கவனிக்க இயலாது’ என்று சொல்லியிருக்க முடியும். சொல்லாமல் விடுவது ரகசியக் காப்பு. லேசாகத் தோன்றும்படி சொல்வது வேறு, அதை ரகசியக் காப்பில் சேர்க்க முடியாது. குப்பத்து மீனவரிடம் யாருக்கும் அப்படிப்பட்ட பொதுக் கேள்வியே கிடையாது. அதனால் ஜெயலலிதா அறிக்கைகள் மீதான கோபத்தைக் கொண்டுவந்து பொன்னேரி மருத்துவமனை வாசலில் கொட்டுவதில் அர்த்தமில்லை.

மருத்துவமனை வாய் திறந்தே ஆக வேண்டிய சூழலும் இதே கடலோரத்தில் நடந்தது. பழவேற்காட்டுக்குத் தெற்கே எண்ணூரில், 2023 டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் இருட்டில் ஓடினார்கள், 50-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். இங்கே எத்தனை பேர் வந்தார்கள், மூச்சுத்திணறலா கண்ணெரிச்சலா, எத்தனை பேருக்கு ஆக்சிஜன் கொடுக்கப்படுகிறது என்பதையெல்லாம் உடனே சொல்ல வேண்டும். பக்கத்துத் தெருக்காரர் தனக்கும் அதே அறிகுறி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள அது உதவும். 7.14-இல் உள்ள ‘சமூகத்துக்கு ஆபத்து’ என்ற விதிவிலக்கு இதற்குத்தான் இருக்கிறது. எண்ணிக்கை பெரிதாக இருந்ததால் தனி ஒருவர் அதில் மறைந்தும் கொள்வார்.

எண்ணிக்கை சிறியதாகும்போது அந்த மறைவு போய்விடுகிறது. 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காடு ஏரியில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. அந்த மாதிரி நேரத்தில் ‘பிழைத்தவர்களில் ஒருவருக்கு’ என்று தொடங்கி மருத்துவமனை எதைச் சொன்னாலும், அது யாரைப் பற்றியது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

நம் மீனவர் குணமாகி வெளியே வருகிறார் என்று வையுங்கள். அவர் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை ஆவணங்களை மருத்துவமனை தந்தாக வேண்டும், அதுவும் அதே 2002 விதிகளில் இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, முகத்துவாரத்தை ஏன் தூர்வாரவில்லை என்று அவரே கேமரா முன் கேட்கலாம். காயத்தைக் காட்டலாம், ஸ்கேனைக் காட்டலாம், எதையும் காட்டாமலும் போகலாம். அவர் பேசிய பிறகு நிருபர் மறுபடி மருத்துவமனைக்கு போன் போட்டால், அங்கிருந்து வர வேண்டிய பதில் அப்போதும் ஒன்றுதான்: ‘அவர்கிட்டயே கேளுங்க சார்.’