மேலே பழைய வீடு, கீழே புது வீடு... ஒரே திரையில் காட்டுவது எப்படி?

வீட்டைப் புதுப்பித்ததும் பலரும் செய்யும் முதல் வேலை, 'அன்றும் இன்றும்' வீடியோ போடுவதுதான். திரையை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் பழைய ஹால், மறுபக்கம் புதிய ஹால். பார்க்க எளிதாகத் தெரியும் இந்த வேலையில் ஒரு சிக்கல் உண்டு. புதிய ஹாலை எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம். பழைய ஹாலை, கொத்தனார் சுவரில் கை வைத்த பிறகு எடுக்கவே முடியாது. அதனால் ஸ்ப்ளிட் ஸ்கிரீன் வேலை எடிட்டிங்கில் அல்ல, இடிப்பதற்கு முந்தைய நாளே தொடங்குகிறது.

காய்கறிச் சந்தைக்குப் பெயர்பெற்ற ஒட்டன்சத்திரத்தில் ஓர் ஓட்டு வீடு என்று வைத்துக்கொள்வோம். சிமென்ட் தரை, வலதுபக்கம் ஒரு மர ஜன்னல், எதிரே சமையலறை வாசல். ஓட்டை எடுத்துவிட்டு கான்கிரீட் போட்டு, தரைக்கு டைல்ஸ் பதிக்கப்போகிறார்கள். ஜன்னலும் வாசல் நிலையும் அப்படியே இருக்கப்போகின்றன.

போனை எங்கே வைத்து எடுத்தோம் என்பதைத் தரையில் சாக்பீஸால் குறித்தால் பயனில்லை. டைல்ஸ் வந்ததும் குறி மறைந்துவிடும். தரைமட்டமும் ஓரிரு அங்குலம் உயர்ந்துவிடும். எனவே மாறாத பொருளிலிருந்து அளக்க வேண்டும். 'தலைவாசல் நிலையிலிருந்து உள்ளே 2 அடி, நிலையின் மேல்கட்டையிலிருந்து கீழே 2 அடி' என்று டேப் பிடித்து அளந்து, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த நேரத்தையும் எழுதுங்கள். காலை 9 மணி வெளிச்சத்தில் எடுத்த பழைய ஹாலையும், இரவு எல்.இ.டி. வெளிச்சத்தில் எடுத்த புதிய ஹாலையும் ஒப்பிட்டால், பெயின்ட்டின் நிறத்தைவிட விளக்கின் நிறம்தான் தெரியும்.

போனை ஸ்டாண்டில் படுக்கைவாக்கில் வைத்து, கேமராவை 1x-ல் வைத்து எடுங்கள். திரையை விரலால் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால், பல போன்களில் ஃபோகஸும் வெளிச்ச அளவும் நிலையாக நின்றுவிடும். அசையாமல் 10 நொடி எடுத்தால் போதும்.

ஏன் படுக்கைவாக்கில்? ரீல்ஸ் திரை 1080 பிக்சல் அகலம், 1920 உயரம். அதை இடது வலமாகப் பிரித்தால் ஒவ்வொரு பாதிக்கும் 540 பிக்சல் அகலம்தான் கிடைக்கும். ஹால் கதவிடுக்கில் எட்டிப் பார்த்ததுபோல் ஆகிவிடும். மேலும் கீழுமாக அடுக்கினால், படுக்கைவாக்குக் காட்சி ஒவ்வொன்றும் முழு அகலத்துக்கு நின்று, சுமார் 608 பிக்சல் உயரமே எடுக்கும். இரண்டும் சேர்ந்து 1216. எதையும் வெட்ட வேண்டியதில்லை. மிச்சமிருக்கும் 704 பிக்சலில் 'முன்பு', 'இப்போது' என்று எழுதிக்கொள்ளலாம்.

இன்ஷாட் செயலியில் பழைய காட்சியைத் திறந்து, `Canvas` பகுதியில் `9:16` தேர்ந்தெடுத்து, அதை மேலே நகர்த்துங்கள். பிறகு `PIP` மூலம் புதிய காட்சியைச் சேர்த்து, அகலம் முழுவதும் நிறையும்படி இழுத்துக் கீழே வையுங்கள். வேறு செயலி என்றாலும் வழிமுறை ஏறத்தாழ இதேதான்.

இடமிருந்து வலமாகப் போனைத் திருப்பி எடுத்த காட்சி என்றால், இரண்டிலும் ஜன்னல் ஒரே நொடியில் வர வேண்டும். பழையதில் ஜன்னலை எட்ட 12 நொடியும் புதியதில் 9 நொடியும் ஆகியிருந்தால், பழைய காட்சியின் வேகத்தை 1.3 மடங்காக்கினால் ஏறக்குறைய ஒன்றிவிடும். அப்போது பேச்சுக்குரலும் வேகமாகி விநோதமாகக் கேட்கும் என்பதால், அதன் ஒலியை நிறுத்திவிடுங்கள்.

இப்போது சரிபார்ப்பு. இரண்டு காட்சிகளையும் நிறுத்தி, மாறாத அந்த ஜன்னலை மட்டும் பாருங்கள். மேலேயும் கீழேயும் அது ஒரே அளவில், ஒரே இடத்தில் இருக்கிறதா? கீழே மட்டும் சிறுத்திருந்தால், கேமரா பின்னால் போயிருக்கிறது, அல்லது 0.5x லென்ஸில் எடுத்திருக்கிறார்கள். அந்த லென்ஸ் பத்தடி ஹாலையும் கல்யாண மண்டபம்போலக் காட்டும்.

இந்தச் சோதனை, மற்றவர்கள் போடும் வீடியோக்களைப் பார்க்கும்போதும் உதவும். ஒரு கான்ட்ராக்டரின் 'அன்றும் இன்றும்' காட்சியை நம்பி அட்வான்ஸ் கொடுக்கும் முன், இரண்டிலும் மாறாமல் இருக்கும் ஜன்னலையோ வாசலையோ தேடுங்கள். பழைய ஹாலில் தக்காளிக் கூடைகள் குவிந்து, விளக்கு அணைந்து கிடக்கிறது; புதியதில் கூடையே இல்லை, நாலு விளக்கு எரிகிறது என்றால், பாதி மாற்றம் வீட்டைச் சுத்தம் செய்ததில் வந்தது. கூடைகளை எடுத்துவிட்டு, அதே நேரத்தில், அதே இடத்தில் எடுத்த பிறகும் தெரிகிற வித்தியாசம்தான் கூலி கொடுத்துச் செய்த வேலை.