எந்த மணிக்கு எழுந்து ஓட வேண்டும்?

நள்ளிரவு. வெளியே மழை கொட்டுகிறது. வீட்டில் எல்லோரும் அயர்ந்து தூங்குகிறார்கள். தலைமாட்டில் கிடக்கும் செல்போன் "டிங்" என்று ஒரு முறை ஒலிக்கிறது.

அது என்ன செய்தி? கேஸ் சிலிண்டர் பதிவாகிவிட்டது என்ற தகவலா? ஜவுளிக்கடையின் தள்ளுபடி விளம்பரமா? அல்லது, "தெருவில் தண்ணீர் ஏறுகிறது, உடனே மாடிக்குப் போங்கள்" என்ற எச்சரிக்கையா?

மூன்றுக்கும் ஒரே "டிங்" என்றால், தூங்குகிறவர் எதற்காக எழுந்திருப்பார்? போர்வையை இழுத்து மூடிக்கொண்டு திரும்பிப் படுப்பார். அது அவர் குற்றம் அல்ல. அவசரத்தையும் சாதாரணத்தையும் ஒரே குரலில் சொன்னவர்களின் குற்றம்.

புதுச்சேரியின் உழவர்கரைப் பகுதி மக்களுக்கு இது கற்பனைக் கேள்வி அல்ல. அவர்கள் ஓர் இரவில் கண்ணால் கண்ட உண்மை.

அந்த ஓர் இரவு

2024-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி. பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புயல் வருகிறது என்பது பல நாட்களாகவே எல்லோருக்கும் தெரியும். வானிலை நிலையம் சொன்னது. பத்திரிகைகள் எழுதின. செல்போன்களுக்கும் குறுஞ்செய்திகள் வந்தன.

ஆனால் கரையைக் கடந்த புயல் வழக்கம் போல் உள்நாட்டை நோக்கி ஓடிவிடவில்லை. புதுச்சேரி அருகிலேயே பல மணி நேரம் நகராமல் நின்றது. நின்ற இடத்தில் மழையைக் கொட்டியது. டிசம்பர் 1-ந் தேதி காலை அளந்து பார்த்தபோது, 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்குக் குறையாத மழை! அதற்கு முன் 2004-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி பெய்த 21 சென்டிமீட்டர்தான் பெரிய மழையாகப் பேசப்பட்டது. அதைப் போல் இரு மடங்குக்கும் மேல்.

கிருஷ்ணா நகரில் சில இடங்களில் தண்ணீர் 5 அடி வரை ஏறியது. விடிந்ததும் ராணுவ வீரர்கள் வந்து, வீடுகளில் சிக்கியவர்களை மீட்டார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். "புயல் வருகிறது" என்பது ஒரு செய்தி. "உங்கள் தெருவில் தண்ணீர் ஏறுகிறது" என்பது வேறு செய்தி. முதல் செய்தியைப் பகலில் படித்து, மெழுகுவத்தி வாங்கி வைக்கலாம். இரண்டாவது செய்தி தூக்கத்தைக் கலைத்தே ஆக வேண்டும். இரண்டும் ஒரே விதமாக வரலாமா?

கூண்டு சொல்லும் பாடம்

செய்தியைத் தரம் பிரித்துச் சொல்வது நமக்குப் புதிதல்ல. கடலோர மக்களுக்குப் புயல் கூண்டு தெரியும். துறைமுகத்தில் கூண்டு ஏறினால், "எத்தனாம் நம்பர்?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

1, 2 என்றால் புயல் தொலைவில் கடலில் இருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே எச்சரிக்கை. 5, 6, 7 என்றால் அபாயம். 8, 9, 10 என்றால் பெரும் அபாயம். 11 என்றால் வானிலை நிலையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.

ஆனால் இதிலும் ஒரு குழப்பம் உண்டு. "நேற்று 5, இன்று 6, புயல் வலுத்துவிட்டது" என்று பலர் பேசிக்கொள்வார்கள். உண்மை அது அல்ல. 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு அபாயம்தான். புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதில்தான் வேறுபாடு. துறைமுகத்தின் மீதோ, மிக அருகிலோ கடக்கும் என்றால் 7. கப்பல் மாலுமிக்கு இது புரியும். கரையில் இருக்கும் குடும்பத்துக்குப் புரியாது.

வானிலை நிலையத்தின் நிறங்கள் இன்னும் எளிது. பச்சை என்றால் கவலை இல்லை. மஞ்சள் என்றால் செய்தியைக் கவனித்து வா. ஆரஞ்சு என்றால் தயாராகு. சிவப்பு என்றால் செயலில் இறங்கு. ஒவ்வொரு நிறமும் நாம் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்கிறது. அதுதான் நல்ல எச்சரிக்கையின் இலக்கணம்.

இருந்தாலும் சிவப்புக்கும் ஓர் எல்லை இருக்கிறது. ஒரே நாளில் சுமார் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தால் அது "அதி கனமழை". அதற்கு மேல் வேறு படி இல்லை. 21 சென்டிமீட்டர் பெய்தாலும் அதி கனமழைதான். 46 சென்டிமீட்டர் பெய்தாலும் அதி கனமழைதான். ஆகவே மாலையில் சிவப்பு அறிவித்துவிட்டால் கடமை முடிந்தது என்று இருக்கக் கூடாது. இரவில் நிலைமை முற்றினால், அதைச் சொல்ல இன்னொரு குரல் வேண்டும்.

மூன்று கேள்விகள்

அந்தக் குரலை எப்படித் தீர்மானிப்பது? உலகத்தில் பல நாடுகள் ஒப்புக்கொண்ட ஒரு முறை இருக்கிறது. இந்தியாவில் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் "சசேத்" என்ற ஏற்பாடும் அந்த முறையைத்தான் பின்பற்றுகிறது. எச்சரிக்கை எழுதும் அதிகாரி மூன்று கேள்விகளுக்குத் தனித்தனியே பதில் குறிக்க வேண்டும்.

ஒன்று: எவ்வளவு கடுமை? இரண்டு: எவ்வளவு சீக்கிரம்? மூன்று: எவ்வளவு நிச்சயம்?

உழவர்கரையில் ஒரு பள்ளத்துத் தெரு. அங்கே ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள், நடக்க முடியாத பாட்டி.

புதன்கிழமை: "வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு, புயலாகலாம்." கடுமை நடுத்தரம். வர இன்னும் நாட்கள் உண்டு. நிச்சயம் இல்லை. இதற்குச் சாதாரணக் குறுஞ்செய்தி போதும். அப்பா வேலை முடிந்து வந்து படித்தால் போதும்.

சனிக்கிழமை காலை: "இன்று இரவு புயல் கரை கடக்கும். அதி கனமழை பெய்யும்." கடுமை அதிகம். சில மணி நேரத்தில் வரும். பெரும்பாலும் நிச்சயம். இதற்கு எழுந்து பார்க்க வைக்கும் ஒலி வேண்டும். அம்மா ரேஷன் கார்டையும் மருந்தையும் பையில் கட்டுகிறாள். பாட்டியைப் பக்கத்து மாடி வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள்.

இரவு 2 மணி: "வாய்க்கால் நிரம்பித் தெருவுக்குள் தண்ணீர் வருகிறது. மாடிக்குச் செல்லுங்கள்." கடுமை மிக மிக அதிகம். நேரம் இப்போதே. கண்ணால் கண்டாகிவிட்டது. மூன்று பதிலும் உச்சத்தில் நிற்கின்றன. இப்போதுதான் செல்போன் அலற வேண்டும்!

மூன்றில் ஒன்று குறைந்தாலும் அலறல் கூடாது. கடுமையான புயல்தான், ஆனால் நான்கு நாள் கழித்து வரும் என்றால், நள்ளிரவில் யாரையும் எழுப்புவது நியாயம் ஆகாது.

செல்போன் எப்படி அலறும்?

குறுஞ்செய்தி என்பது தபால் மாதிரி. ஒவ்வொரு நம்பருக்கும் தனித்தனியே போக வேண்டும். லட்சம் பேருக்கு அனுப்பினால் வரிசையில் நின்று தாமதமாகும். கோபுரத்திலிருந்து ஒலிபரப்பாகும் அபாய அறிவிப்போ தண்டோரா மாதிரி. அந்தச் செல்போன் கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் எல்லா போன்களுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும். நம்பரே தேவையில்லை. வெளியூரிலிருந்து வந்த விருந்தாளியின் போனும் ஒலிக்கும்.

2023-ம் ஆண்டில் இந்தியாவில் இது சோதித்துப் பார்க்கப்பட்டது. திடீரென்று போன் வினோதமாக அலறி, அதிர்ந்து, திரை முழுவதும் ஓர் அறிவிப்பு நின்றதைப் பலர் கண்டு திகைத்தார்கள். அதுதான் இது.

எல்லா இடத்துக்கும் ஒரே அறிவிப்பு என்ற தொல்லையும் இதில் குறைகிறது. கோரிமேடு பெயருக்கேற்ப மேடு. மேட்டில் பெய்த மழை பள்ளத்துக்கு ஓடுகிறது. மேட்டில் இருப்பவரிடம் "ஓடு" என்று சொன்னால் அவர் ஓடிப் பார்த்துவிட்டு, அடுத்த முறை சிரிப்பார். கோபுரம் பார்த்து அனுப்பினால் பள்ளத்துக்காரர்தான் எழுவார். ஆனாலும் தெருத் தெருவாகப் பிரிக்க முடியாது. ஒரு கோபுரத்தின் அலை பல தெருக்களைத் தொடும்.

புலி வருது!

இந்த ஏற்பாட்டுக்கு முதல் எதிரி எது தெரியுமா? மழை அல்ல. அதிகப்படியான எச்சரிக்கைதான்.

"எதற்கும் சொல்லி வைப்போம், நாளைக்கு நம்மீது பழி வரக் கூடாது" என்று எல்லாவற்றையும் உச்ச நிலையில் அனுப்பத் தோன்றும். நான்கு முறை அலறி, நான்கு முறையும் வெறும் தூறல் என்றால், "புலி வருது" கதைதான். ஐந்தாம் முறை உண்மையான புலி வரும்போது போனில் அந்த வசதியே அணைக்கப்பட்டிருக்கும்.

தவறாக அலறிவிட்டால் அதைத் திருத்தவும் அதே குரல் வேண்டும். 2018-ம் ஆண்டு ஜனவரி 13-ந் தேதி ஹவாய்த் தீவில் "ஏவுகணை வருகிறது" என்று எல்லா போன்களும் அலறின. பொய்ச் செய்தி! ஒருவர் செய்த தவறு. "அபாயம் இல்லை" என்ற திருத்தம் போன்களுக்கு அதே வழியில் வந்து சேர 38 நிமிடம் ஆயிற்று. அதுவரை மக்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தவித்தார்கள்.

என்ன செய்யலாம்?

அதிகாரிகள் செய்ய வேண்டியது ஒன்று. உச்ச நிலையை "இப்போதே எழுந்து இதைச் செய்" என்று சொல்லும் நேரத்துக்கு மட்டும் ஒதுக்கி வைக்க வேண்டும். அதில் இடம், நேரம், செய்ய வேண்டிய காரியம் மூன்றும் எளிய தமிழில் இருக்க வேண்டும். "பொதுமக்கள் எச்சரிக்கையுடன் இருக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்பது எச்சரிக்கை அல்ல. அதைப் படித்தவர் எழுந்து என்ன செய்வார்?

குடும்பத்தார் செய்ய வேண்டியதும் ஒன்று. போனின் அமைப்புகளில் Wireless emergency alerts என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். போனுக்குப் போன் இடம் சற்று மாறும். அங்கே Extreme threats, Severe threats என்று இருக்கும். முதலாவது உச்ச நிலை. அடுத்தது அதற்குக் கீழ்ப்படி. இரண்டும் அணைந்திருந்தால் இன்றே போட்டு வையுங்கள். வீட்டில் பிள்ளைகளுக்குத் தெரியும், கேட்டால் காட்டுவார்கள்.

போனில் சார்ஜ் இல்லாவிட்டால் அது அலறாது. கோபுரத்துக்கு மின்சாரம் அற்றுப் போனாலும் அலறாது. பழைய பட்டன் போன்கள் எல்லாவற்றிலும் இது வரும் என்று சொல்ல முடியாது. ஆகவே மழை இரவில் ஒரு போனாவது முழுச் சார்ஜுடன் தலைமாட்டில் இருக்கட்டும். அது அலறினால், அடுத்த வீட்டுக் கதவையும் தட்டுங்கள். அங்கே இருக்கும் பாட்டியிடம் போன் இல்லாமல் இருக்கலாம்.