சக்கரம் பெட்டியின் பகுதி இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

விமான நிறுவனங்கள் பயணிகளின் பெட்டியை உடைத்துவிட்டு, உடைந்தது சக்கரம்தான், கைப்பிடிதான் என்று சொல்லிப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வழக்கத்தைக் கண்டித்து இதை எழுதுகிறேன். தொகை சிறியது என்பதால் பலரும் தலையெழுத்து என்று விட்டுவிடுகிறார்கள். அந்த அலுப்பை நம்பியே இந்த வழக்கம் நடக்கிறது.

என் மனைவியும் நானும் சிங்கப்பூரில் இருக்கும் மகள் வீட்டிலிருந்து 2025 நவம்பர் 9, ஞாயிறு மாலை திருச்சி வந்து இறங்கினோம். சுழல்பட்டையில் வந்த எங்கள் பெரிய பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. ஒரு சக்கரம் அதன் கூட்டோடு பெயர்ந்து போயிருந்தது. அது இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. அங்கிருந்து பெட்டியின் பாதி உயரம் வரை விரிசல் ஓடியிருந்தது.

கவுண்டரில் இருந்தவர், "வீட்டுக்குப் போய் மெயில் போடுங்க சார், 24 மணி நேரத்துக்குள்ள போடணும்" என்றார். எழுத்துப்பூர்வமான பதிவு இல்லாமல் நகர மாட்டேன் என்று நின்ற பிறகே பி.ஐ.ஆர். எனப்படும் சேத அறிக்கையைத் தந்தார். விமான நிலையக் குறி மூன்றெழுத்து, நிறுவனக் குறி இரண்டெழுத்து, பிறகு ஐந்து இலக்கங்கள் என்று அதில் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணில்லாமல் வெளியே வந்துவிட்டால், பெட்டி எங்கே உடைந்தது என்று நிரூபிக்கும் சுமை நம் தலையில் விழும்.

அந்த 24 மணி நேரக் கெடுவுக்குச் சட்டத்தில் இடமில்லை. சர்வதேச விமானப் பயணத்தை ஆளுவது 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை. இந்தியாவில் அது 2009 முதல் நடைமுறையில் உள்ளது. பதிவுசெய்த பெட்டி சேதமடைந்தால், கையில் கிடைத்த நாளிலிருந்து 7 நாட்களுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும் என்கிறது அதன் 31ஆம் பிரிவு. வாய்ச்சொல் செல்லாது. 7 நாள் தாண்டினால் நிறுவனத்தின் மோசடியை நிரூபித்தாலொழிய வழக்கும் செல்லாது. ஆகவே பி.ஐ.ஆர். மட்டும் போதும் என்று இருந்துவிடாமல், நவம்பர் 12 அன்று நிறுவனத்துக்கு மின்னஞ்சலிலும் விரைவுத் தபாலிலும் புகார் அனுப்பினேன். அதன் சாரம் இது:

"பொருள்: பதிவுசெய்த பெட்டிக்கு ஏற்பட்ட சேதம், இழப்பீடு கோருதல்.

மேற்படி பயணத்தில் தங்கள் பொறுப்பில் ஒப்படைத்த பெட்டி, சக்கரக் கூடு பெயர்ந்தும் உடல் விரிந்தும் திரும்பக் கிடைத்தது. மான்ட்ரியல் உடன்படிக்கையின் 17(2) பிரிவின்படி இழப்பீடு கோருகிறேன்.

இணைப்பு: 1. போர்டிங் பாஸ், பெட்டியின் டேக் துண்டு. 2. பி.ஐ.ஆர். நகல். 3. சிங்கப்பூரில் எடை மேடையில் வைத்தபோது எடுத்த படமும், திருச்சியில் சுழல்பட்டை அருகே எடுத்த படங்களும். 4. பெட்டி வாங்கிய பில், 2023 டிசம்பர், ரூ.12,500. 5. பழுதுபார்க்கும் கடையின் கடிதமும் பார்வைக் கட்டண ரசீதும், 2025 நவம்பர் 10, ரூ.300.

கோரும் தொகை: பெட்டியின் விலை ரூ.12,500. இரண்டு ஆண்டுப் பயன்பாட்டுக்காக 20 விழுக்காடு, அதாவது ரூ.2,500 கழிக்கிறேன். மீதி ரூ.10,000. கடைக் கட்டணம் ரூ.300. மொத்தம் ரூ.10,300. இதை என் வங்கிக் கணக்கில் 30 நாட்களுக்குள் செலுத்தவும்."

நவம்பர் 28 அன்று பதில் வந்தது. சக்கரம், கைப்பிடி, பூட்டு, வார் ஆகியவற்றின் சேதம் சாதாரணத் தேய்மானமாம். பயண நிபந்தனைகளின்படி நிறுவனத்துக்குப் பொறுப்பு இல்லையாம். நல்லெண்ணத்தின் பேரில் ரூ.1,500க்குப் பயணக் கூப்பன் தருவார்களாம். அதை ஏற்றால் அதுவே முழு, இறுதித் தீர்வு என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

தேய்ந்த சக்கரம் எப்படி இருக்கும் என்பது பெட்டி இழுத்த யாருக்கும் தெரியும். அதன் ரப்பர் வழுவழுத்து மெலிந்திருக்கும், சுற்றும்போது தடுமாறும். எங்கள் பெட்டியில் மற்ற மூன்று சக்கரங்களும் நன்றாகவே சுழல்கின்றன. நான்காவது கழன்று விழவில்லை, பிய்த்து எறியப்பட்டிருக்கிறது. திருகாணிகள் தம்மோடு பெட்டியின் ஓட்டையும் பிய்த்துக்கொண்டு போயிருக்கின்றன. உடைந்த விளிம்பில் அழுக்கே படியவில்லை, புது உடைப்பின் வெண்மை அப்படியே தெரிகிறது. ஓங்கி எறிந்தாலோ, மேலே பாரம் விழுந்தாலோதான் இப்படி உடையும் என்று கடைக்காரர் எழுதியே கொடுத்திருக்கிறார். ஓடு கிழிந்துவிட்டதால் சக்கரம் மாற்றினாலும் நிற்காது என்பதும் அந்தக் கடிதத்தில் உள்ளது.

உடன்படிக்கையின் 17(2) பிரிவு நிறுவனத்துக்குத் தரும் விலக்கு ஒன்றே ஒன்றுதான்: பெட்டியின் சொந்தக் குறைபாட்டாலோ தன்மையாலோ சேதம் வந்திருந்தால், அந்த அளவுக்குப் பொறுப்பு இல்லை. எந்தச் சேதம் அப்படி வந்தது என்பதை ஒவ்வொரு பெட்டியையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். பார்க்காமலே சக்கரம் முழுவதையும் விலக்குவதற்கு அங்கே ஒரு சொல்லும் இல்லை. அதற்கும் மேலே 26ஆம் பிரிவு இருக்கிறது. நிறுவனத்தைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கும் எந்த நிபந்தனையும், உடன்படிக்கை வகுத்த வரம்பைக் குறைக்கும் எந்த நிபந்தனையும் செல்லாது என்று அது சொல்கிறது. டிக்கெட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சடித்துவிட்டால் ஒன்று சட்டமாகிவிடாது.

இழப்பீட்டுக்கு உச்சவரம்பு உண்டு என்பதை மறுக்கவில்லை. பயணி ஒருவருக்கு 1,519 எஸ்.டி.ஆர். என்று 2024 டிசம்பர் 28 முதல் அது உயர்த்தப்பட்டுள்ளது. பன்னாட்டு நாணய நிதியத்தின் இந்தக் கணக்கு அலகை ரூபாயாக்கினால் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வரும். நான் கேட்பது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதற்கும் பில் இருக்கிறது, கழிவும் நானே கழித்திருக்கிறேன்.

கூப்பனை மறுத்துப் பதில் எழுதிவிட்டேன். மத்திய அரசின் ஏர்சேவா தளத்திலும் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். இவ்வளவு சிறிய தொகைக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் உடன்படிக்கைப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுத்துவிட வேண்டும்.

ஒவ்வொரு பயணியும் வழக்குப் போட்டுத்தான் தன் பெட்டியின் விலையைப் பெற வேண்டும் என்பது முறையல்ல. விமானப் போக்குவரத்து தலைமை இயக்குநரகம் மூன்றைச் செய்ய வேண்டும். சக்கரம், கைப்பிடிக்குப் பொறுப்பில்லை என்ற நிபந்தனையை நிறுவனங்களின் விதிகளிலிருந்து நீக்கச் செய்ய வேண்டும். உடைந்த பெட்டியோடு வரும் எவருக்கும் கேட்காமலே பி.ஐ.ஆர். தரப்பட வேண்டும். 7 நாள் கெடுவைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒவ்வொரு சுழல்பட்டைக்கு மேலும் எழுதி வைக்க வேண்டும்.

வெளிநாட்டில் பாடுபட்டுத் திரும்பும் நம் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் அந்தச் சுழல்பட்டை முன்னால்தான் நிற்கிறார்கள். அவர்களுக்கு என் வேண்டுகோள்: பெட்டியை ஒப்படைக்கும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், டேக் துண்டைத் தூக்கி எறியாதீர்கள், சுங்கத்தைத் தாண்டும் முன்பே பெட்டியைச் சுற்றிப் பாருங்கள். உடைந்திருந்தால் எழுத்தில் புகார் கொடுக்காமல் வெளியே வராதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் அலுவலர்,
தஞ்சாவூர்.