ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள்

ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைக் குளிப்பாட்டும்போது, பிறப்புறுப்பின் உள் இதழ்கள் ஒட்டியிருப்பதைக் கண்டு தாய் பதறுவதுண்டு. இது பிறவிக் குறை அல்ல. இந்த வயதில் ஈஸ்ட்ரோஜன் மிகக் குறைவு. அதனால் மெல்லியதாக இருக்கும் தோல் ஈரத் துணியாலோ அழற்சியாலோ புண்பட்டு, ஆறும்போது ஒட்டிக்கொள்கிறது. நடுவே தெரியும் மெல்லிய கோடுதான் அடையாளம்.

சிறுநீர் தடையின்றிப் போனால் சிகிச்சை தேவையில்லை. பெரும்பாலும் பருவமடைவதற்குள் தானாகவே விலகிவிடும். எழுந்த பிறகும் சிறுநீர் சொட்டினாலோ, அடிக்கடி தொற்று வந்தாலோ மருத்துவர் ஈஸ்ட்ரோஜன் களிம்பு தருவார். அதைக் கோட்டின் மீது மட்டும் சில வாரங்கள் தடவ வேண்டும். மார்பு லேசாகத் தடித்தால், களிம்பை நிறுத்தியதும் சரியாகிவிடும்.

கையால் பிரித்தால் வலிக்கும். புண்ணாகி மீண்டும் இறுக ஒட்டும். சிறுநீரே வராவிட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.