பால்கனி உரத் தொட்டி: பத்தாம் நாள் நாறுவது ஏன்?

மூன்றாவது மாடி ஃபிளாட், நான்கு பேர் குடும்பம். 20 லிட்டர் பெயின்ட் பக்கெட்டில் காய்கறித் தோலைப் போட்டு மூடி, பால்கனியில் வைத்தார் அந்த வீட்டு அம்மா. பத்தாம் நாள் அழுகிய முட்டை வாடை. "என்னம்மா, எலி ஏதும் செத்துக் கிடக்கா?" என்று கீழ் வீட்டு அக்கா கேட்டேவிட்டார். இன்றைக்கே தூக்கிப் போடு என்றார் கணவர்.

திறந்து பார்த்தால், அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கறுப்புத் தண்ணீர். பக்கெட்டில் ஒரு துளைகூட இல்லை. காய்கறியில் பெரும்பகுதி தண்ணீர்தான். அது வடிய வழியில்லாமல் தேங்கினால் உள்ளே காற்று போகாது. காற்று இல்லாத இடத்தில் வளரும் நுண்ணுயிர்கள்தான் அந்த வாடையை உண்டாக்குகின்றன.

பக்கெட்டை அவர் தூக்கிப் போடவில்லை. கழிவைப் பழைய பேப்பரில் கொட்டி நீரை வடித்தார். பக்கெட்டின் அடியிலும் பக்கவாட்டிலும் பென்சில் நுழையும் அளவுக்குத் துளைகள் போட்டு, இரண்டு செங்கல்மேல் ஏற்றி, கீழே ஒரு தட்டு வைத்தார்.

இனி அடுக்கு. அடியில் நான்கு விரல் உயரத்துக்குப் பிய்த்த தேங்காய் நார் அல்லது காய்ந்த இலை. அதன்மேல் பொடியாக நறுக்கிய கழிவு ஒரு கிண்ணம் போட்டால், காய்ந்த சருகு இரண்டு கிண்ணம். தோல் கொஞ்சமும் வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் பழ ஈ வந்துவிடும். தொடக்கத்தில் ஒரு பிடி தோட்ட மண் போதும். புளித்த மோர் தெளிப்பவர்களும் உண்டு, கட்டாயமில்லை. எண்ணெய்க் குழம்பு, மீன், இறைச்சி மட்டும் வேண்டாம்.

மூன்று நாளுக்கு ஒருமுறை கிளறுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். நீர் சொட்டினால் இன்னும் சருகு சேர்க்க வேண்டும். பொடியாக உதிர்ந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளிக்க வேண்டும். உருண்டையாகி, கை லேசாக ஈரமானால் பதம் சரி. மூக்கில் ஏறும் அமோனியா நெடி வந்தால், பச்சைக் கழிவு கூடிவிட்டது என்று அர்த்தம். அதற்கும் மருந்து சருகுதான்.

அந்த வீட்டில் நான்காம் நாளே வாடை போனது. உள்ளே கை வைத்தால் இளஞ்சூடு.

பக்கெட் நிறைய மூன்று வாரம் ஆனது. பலர் தவறுவது இங்கேதான்: அமுங்கி இடம் கிடைத்ததும் மறுபடி அதிலேயே போடுவார்கள். புதுக் கழிவு விழ விழ உரம் முடியவே முடியாது. அவர் இரண்டாவது பக்கெட்டைத் தொடங்கிவிட்டு, முதலாவதை இரண்டு மாதம் கிளற மட்டும் செய்தார்.

கறுத்து, உதிரியாகி, மழை பெய்த மண் வாசனை வந்தால் உரம் தயார். சந்தேகமிருந்தால் ஈரமான ஒரு பிடியை பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, மூன்று நாள் கழித்துத் திறந்து முகர்ந்து பாருங்கள். நாற்றமடித்தால் இன்னும் இரண்டு வாரம் விடுங்கள். அவர் சலித்தபோது பாதிப் பக்கெட்டுக்கும் குறைவாகவே கிடைத்தது. மாங்கொட்டையும் முட்டை ஓடும் அப்படியே இருந்தன. இரண்டும் அடுத்த பக்கெட்டுக்குப் போயின.